போட்டோ எப்போ எடுத்தது?

ஒரு கல்யாண பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதி இருக்கும். பிறந்த நேரம் நிமிஷ சுத்தமாக இருக்கும். நட்சத்திரம், பாதம், பிறக்கும்போது தசை இருப்பு எத்தனை வருடம், எத்தனை மாதம், எத்தனை நாள் என்பது வரை எழுதியிருப்பார்கள். கூடப்பிறந்தவர்களில் யாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, யாருக்கு ஆகவில்லை என்பதும் இருக்கும். இவ்வளவுக்கும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் போட்டோவுக்கு மட்டும் தேதி கிடையாது. கொடுப்பவர்கள் எழுதுவதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

ஜாதகம் பொருந்துகிறதா என்று ஜோசியரிடம் கேட்பதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் பார்த்து முடிவெடுத்துவிடுவது அந்தப் போட்டோவைத்தான். தரகர் கையில் அட்டையாக வந்த காலத்திலும் அப்படித்தான், மேட்ரிமோனி தளத்தில் விரலால் தள்ளிப் பார்க்கும் இந்தக் காலத்திலும் அப்படித்தான். ஆகவே அந்தப் படத்துக்கு எவ்வளவு வயது இருக்கலாம் என்பது கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

பழைய படம் எப்படி வந்து சேர்கிறது

பெரும்பாலான வீடுகளில் ஏமாற்ற வேண்டும் என்று யாரும் பழைய படத்தைத் தேடி எடுப்பதில்லை. வரன் பார்க்கலாம் என்று முடிவானதும், "நல்ல போட்டோ ஒண்ணு இருக்கா?" என்ற கேள்வி எழும். நல்ல போட்டோ என்றால் பட்டுப்புடவையோ பட்டுவேட்டியோ கட்டி, தலை வாரி, நல்ல கேமராவில் எடுத்த படம். அப்படி எடுத்துக்கொண்ட நாள் எது என்று பார்த்தால், அக்கா கல்யாணமாகவோ அண்ணன் நிச்சயதார்த்தமாகவோ இருக்கும். அதில் பியூட்டிஷியன் வந்து போட்ட மேக்கப் இருக்கும், வெட்டிங் போட்டோகிராபரின் லைட் இருக்கும். பக்கத்தில் நின்ற மாமாவை வெட்டிவிட்டால் பயோடேட்டாவுக்குப் படம் தயார். அக்காவின் குழந்தை இப்போது எல்.கே.ஜி. போகிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது.

அடுத்தது, தேடல் நீண்டுகொண்டே போவது. இருபத்தாறு வயதில் போட்ட பயோடேட்டா இருபத்தொன்பதிலும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். சம்பளம் ஏறினால் உடனே திருத்துகிறோம், வேலை மாறினால் திருத்துகிறோம். படத்தைத் திருத்தத் தோன்றுவதில்லை. நாம் திருத்தினாலும், முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப். சமூக குரூப்புகளிலும் சித்தப்பாவின் நண்பரிடமும் பழைய முகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக, படம் பழையதாகிவிட்டது என்பது நமக்கே தெரிவதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹான்காக்கும் காட்டலினா டோமாவும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இணையம் வழியாகத் துணை தேடிய 54 பேரை நேரில் அழைத்துப் படம் எடுத்தார்கள். அதை அவர்கள் தளத்தில் வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி சம்பந்தமில்லாத வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு படம் ஆளோடு ஒத்துப்போகவில்லை என்பது அவர்களின் தீர்ப்பு. பழைய படம், திருத்திய படம், தொழில்முறைக் கலைஞர் எடுத்த படம் ஆகியவை பெண்களிடம் கூடுதலாக இருந்தன. ஆனால் படத்துக்குச் சொந்தக்காரர்களைக் கேட்டபோது, தங்கள் படம் பெரும்பாலும் சரியாகவே இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் அப்படியே நம்பியிருக்கலாம்.

வயலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். பையன் மதுரை, வயது முப்பத்திரண்டு, சென்னையில் ஐ.டி. வேலை. பெண் திருச்சி. ஜாதகம் பொருந்திவிட்டது. முதலிலேயே வீட்டுக்கு வந்து சபையில் உட்கார வேண்டாம், கோயிலில் சாதாரணமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வயலூர் முருகன் கோயிலில் சந்திக்க ஏற்பாடு. பையன் வீட்டார் காரில் வருகிறார்கள். பெண் வீட்டார் அரை மணி நேரம் முன்பே வந்து, அர்ச்சனைத் தட்டோடு காத்திருக்கிறார்கள்.

பையனின் அப்பாவைப் பெண்ணின் அப்பா அடையாளம் கண்டுகொள்கிறார். வாட்ஸ்அப் டி.பி.யில் பார்த்த முகம். "வாங்க, வாங்க" என்று கைகூப்பிவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். "தம்பி வண்டியை நிறுத்திட்டு வர்றாரா?"

தம்பி பக்கத்திலேயேதான் நிற்கிறார். "இவன்தாங்க" என்கிறார் பையனின் அப்பா.

பயோடேட்டாவில் இருந்த படம் தங்கை கல்யாணத்தில், இருபத்தேழு வயதில் எடுத்தது. அதில் நெற்றி நிறைய முடி, மெலிந்த கன்னம். இப்போது முன்வழுக்கை, பன்னிரண்டு கிலோ கூடுதல், கண்ணாடி. பார்க்க ஒன்றும் மோசமில்லை, முப்பத்திரண்டு வயதுக்கு இயல்பான தோற்றம்தான். ஆனால் பெண்ணின் அப்பா அசடு வழிகிறார். பையனின் அம்மா, "வேலை டென்ஷன், நேரத்துக்குச் சாப்பிடுறதில்லை" என்று யாரும் கேட்காத விளக்கம் சொல்கிறார். பையனுக்கு அந்த ஒரு நொடி புரிந்துவிட்டது. அடுத்த பத்து நிமிடம் தனியாகப் பேசக் கிடைத்தபோது, தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, ஏதோ தவறு செய்தவர்போல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எல்லோரும் கிளம்பினார்கள். திரும்பும் வழியில் பெண் அப்பாவிடம் சொன்னாள்: "முடி இல்லைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் நான் வந்திருப்பேன்ப்பா. இப்ப அவர் சொன்ன எல்லாத்தையும் ரெண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கு."

பழைய படம் செய்யும் சேதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெண் வீட்டில் அன்று இரவு பேச்சு வழுக்கையைப் பற்றிப் போகவில்லை. சம்பளம் சொன்னது சரிதானா, ஆவடியில் சொந்த வீடு என்றார்களே அதில் எவ்வளவு கடன், இவ்வளவு நாள் ஏன் அமையவில்லை, முன்பு ஏதாவது நிச்சயமாகி நின்றுபோனதா என்று போனது. இவை எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் முதல் சந்திப்பிலேயே நேரில் சரிபார்க்க முடிகிற தகவல் முகம். அதுவே தவறிப்போனால், சரிபார்க்க முடியாத மற்றவற்றை எதை வைத்து நம்புவது? எல்லாப் பதில்களும் சரியாக எழுதிய மாணவனின் தாளில் முதல் கேள்வியிலேயே காப்பி அடித்தது தெரிந்துவிட்டால், மீதித் தாளை ஆசிரியர் எப்படித் திருத்துவார் என்பது நமக்குத் தெரியும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. நேரில் வந்த ஆளை அவருக்குரிய மதிப்பில் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. படத்தோடு ஒப்பிட்டு, எதெது குறைகிறது என்ற கணக்கிலேயே அவரைப் பார்க்கிறார்கள். புதிய படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அவருடைய சிரிப்போ, அம்மாவிடம் அவர் பேசும் விதமோ கண்ணில் பட்டிருக்கும்.

அம்மாவுக்குத் தெரியும், அந்நியருக்குத் தெரியாது

பையன் வீட்டில் யாருக்கும் அந்தப் படம் தவறாகத் தெரியவில்லையே, ஏன்? அவர்கள் கண்ணில் குறையில்லை. தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் நாம் பார்க்கும் விதமே வேறு.

இதைக் காட்டும் சோதனை ஒன்றை பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸும் சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்டார்கள். நாற்பது முகப் படங்களைக் கலைத்துக் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். உண்மையில் அதில் இருந்தது இரண்டே இரண்டு பெண்கள். ஆளுக்கு இருபது படம். நெதர்லாந்தில் பிரபலமானவர்கள், பிரிட்டனில் யாருக்கும் தெரியாது. அடுக்கியவர்கள் சராசரியாக ஏழெட்டுக் குவியல்கள் வைத்தார்கள். ஒரே பெண்ணையே மூன்று நான்கு வெவ்வேறு ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பிரபலங்களை ஏற்கெனவே தெரிந்த நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது அவர்கள் சிரமமில்லாமல் இரண்டு குவியல்களாகப் பிரித்தார்கள்.

அம்மா அந்த நெதர்லாந்துக்காரர்களைப் போல. மகனின் ஐந்து வயது முகமும் முப்பத்திரண்டு வயது முகமும் அவருக்கு ஒரே முகம்தான். அதனால் பயோடேட்டாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கப் பொருத்தமில்லாத ஆளும் அவர்தான். நமக்கும் இதே நிலைதான். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு நெற்றி ஏறியதும் கன்னம் பருத்ததும் ஒரு நாளும் செய்தியாக வருவதில்லை. எதிர்த் தரப்புக்கோ நம் முகம் என்றால் அந்த ஒரு படம்தான். அவர்கள் மாதக்கணக்கில் மனதில் வைத்திருப்பது அதைத்தான்.

ஆகவே ஒரு சுலபமான சோதனை. உங்களை அறிந்து ஆறு மாதத்துக்குள் ஆகிற ஒருவரைப் பிடியுங்கள். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர், பக்கத்து பிளாட்டுக்குக் குடிவந்தவர், யாராக இருந்தாலும் சரி. படத்தைக் காட்டி, "இதை வைத்துக்கொண்டு ஜங்ஷனில் என்னைக் கண்டுபிடிப்பீர்களா?" என்று கேளுங்கள். "அட, இது நீங்களா!" என்று அவர் சொன்னால், அது பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

எத்தனை மாதம்?

அரசாங்கங்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. பாஸ்போர்ட் படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பிரிட்டனில் ஒரே மாதம்தான் கெடு. நம் ஊரில் யு.பி.எஸ்.சி. இன்னும் கறார். விண்ணப்பம் தொடங்கும் நாளிலிருந்து பார்த்தால் படம் பத்து நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, எடுத்த தேதி படத்திலேயே இருக்க வேண்டும் என்று அண்மை ஆண்டுகளின் தேர்வு அறிவிப்புகளில் சொன்னார்கள். தாடியோடு படம் கொடுத்தால் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் அதே தோற்றத்தில் வாருங்கள் என்றும் சொன்னார்கள்.

இந்த விதிகளில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று காலக்கெடு, இன்னொன்று தோற்றம் மாறாமை. கல்யாணப் படத்துக்கும் இரண்டும் வேண்டும்.

காலக்கெடு ஓராண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் என்றால் நல்லதுதான். ஆனால் வரன் தேடல் பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை என்றால் பிறந்த நாளை ஒட்டி, பயோடேட்டாவில் வயதை மாற்றும்போதே படத்தையும் மாற்றிவிடலாம், மறக்காது. வயது முப்பத்தொன்று, படம் முப்பதில் எடுத்தது என்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

தோற்றம் மாறினால் அந்த ஓராண்டுக் கணக்கு செல்லாது. படம் எடுத்துப் போன மாதம்தான் ஆகியிருந்தாலும் அது பழைய படம்தான். எது மாற்றம்? ஏழெட்டுக் கிலோ ஏறியது அல்லது இறங்கியது, இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் வரை வெட்டியது, முன்வழுக்கை தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது, தாடி வைத்தது அல்லது எடுத்தது, தினமும் கண்ணாடி போட ஆரம்பித்தது, பல்லுக்குக் கிளிப் போட்டது, நோய்க்குப் பிறகு முகம் மெலிந்தது. மறுமணத்துக்குப் பார்ப்பவர்கள் முதல் கல்யாணத்துக்கு முன் எடுத்த படத்தை வைத்திருப்பதும் உண்டு. அதில் வயதோடு வாழ்க்கையின் ஒரு பகுதியே மறைந்துவிடுகிறது.

இவற்றில் எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. படத்தின் கீழே "எடுத்தது: மார்ச் 2025" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி இருந்தால் எதிர்த் தரப்பும் தங்கள் படத்துக்குத் தேதி சொல்லிவிடுவார்கள்.

தேதி புதிது, முகம் பழையது

நேற்று எடுத்த படமும் பொய் சொல்லும் என்பதையும் சொல்லியாக வேண்டும். செல்ஃபியில் கேமரா முகத்துக்கு ஓரடி தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில், ஐந்தடியில் எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பலருக்குத் தங்கள் இப்போதைய முகம் பிடிக்காமல் போய்ப் பழைய ஆல்பத்துக்கு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய படத்தை எடுத்தவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்திருப்பார்.

எதிர்ப்பக்கத்தில் பியூட்டி மோட். பல போன்களில் முன்கேமராவில் அது தானாகவே வேலை செய்யும். தோலை வழவழப்பாக்கி, தாடையைச் சுருக்கி, கண்ணைப் பெரிதாக்கிவிடும். ஸ்டுடியோவுக்குப் போனால் கேட்காமலேயே இரண்டு ஷேடு வெளுப்பாக்கித் தருவார்கள். மாநிறப் பெண்ணைச் சிவப்பாகக் காட்டும் அந்தத் திருத்தம், நேரில் பார்க்கும் நாளில் அவளுடைய நிறத்தையே குற்றமாக்கிவிடுகிறது. "கலர் மாத்தாதீங்க" என்று ஸ்டுடியோவில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நல்ல படத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். காலை எட்டு ஒன்பது மணிக்கு ஜன்னலோரமோ வராந்தாவோ போதும். வீட்டில் ஒருவர் ஐந்தடி தள்ளி நின்று, முகத்தின் உயரத்தில் பின்கேமராவைப் பிடித்து, ஃபில்டர் இல்லாமல் எடுக்கட்டும். நேராகப் பார்க்கும் முகம் ஒன்று, தலையிலிருந்து கால் வரை ஒன்று, சிரித்தபடி ஒன்று. கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடே எடுக்க வேண்டும். அக்கா கல்யாணப் பட்டுப்புடவைப் படம் நன்றாக இருந்தால் நான்காவதாக அதையும் வைக்கலாம், ஆண்டு குறிப்பிட்டு.

"புதுசைப் போட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க"

பழைய படத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் சொல்லும் உண்மையான காரணம் இதுதான். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. முப்பது நொடியில் இருபது முகங்களைத் தள்ளிப் பார்க்கும் இடத்தில் வழுக்கைக்கும் பருமனுக்கும் நிறத்துக்கும் விலை உண்டு. புதிய படத்தைப் போட்டால் வரும் அழைப்புகள் குறையலாம். அது பார்ப்பவர்களின் குணத்தில் உள்ள கோளாறு. நம் படத்தை மாற்றி அதைச் சரிசெய்துவிட முடியாது.

ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய படத்தைப் பார்த்துக் கூப்பிட்ட பத்துப் பேரில், முடியோடு இருக்கும் மாப்பிள்ளைதான் வேண்டும் என்பவர்கள் நேரில் பார்த்ததும் எப்படியும் விலகப்போகிறார்கள். அவர்களை அந்தப் படத்தால் தடுக்க முடியவில்லை, சில வாரம் தள்ளிப்போட மட்டுமே முடிந்தது. அந்தச் சில வாரத்தில் ஜாதகப் பொருத்தம், விசாரிப்பு, லீவு, கார் வாடகை, பெற்றோரின் எதிர்பார்ப்பு எல்லாம் செலவாகிவிடும். வயலூர் பெண்ணைப் போல, முடி ஒரு பொருட்டில்லை என்று இருப்பவர்களோ சந்தேகத்தில் போய்விடுகிறார்கள். போகாமல் இருந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வாங்குபவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது

"ஐ.டி. வெரிஃபைடு" என்ற முத்திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. அது பெயரும் பிறந்த தேதியும் சரி என்று சொல்லலாம், படம் எந்த வருடத்தது என்று சொல்லாது. நம்மில் பலருடைய ஆதார் படமே பத்தாண்டுக்கு முந்தையது.

கோப்பைக் கிளறித் தேதி கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். போன் கேமரா எடுத்த தேதியைப் படத்துக்குள்ளேயே பதிந்து வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அந்த விவரம் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் மட்டும் தங்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு நம் கேலரி காட்டும் தேதி நமக்கு வந்து சேர்ந்த தேதி. ஸ்கிரீன்ஷாட் எடுத்ததாக இருந்தால் அதை எடுத்த தேதி. ஆகவே தேதி புதிதாகத் தெரிகிறது என்பதற்குப் பொருளே இல்லை.

படத்திலேயே தடயம் கிடைக்கும். ஓரத்தில் வேறு யாருடைய தோளோ வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது விசேஷத்தில் எடுத்த குரூப் போட்டோ, எந்த விசேஷம் என்று கேட்கலாம். எல்லாப் படமும் ஒரே உடையில், ஒரே நாளில் எடுத்ததாக இருந்தாலும் விசாரிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் சுலபம், நேராகக் கேட்பது. "படம் ரொம்ப நல்லா இருக்குங்க, எப்ப எடுத்தது? இப்ப எடுத்தது ஒண்ணு இருந்தா அனுப்புங்களேன், நாங்களும் அனுப்புறோம்." நாங்களும் அனுப்புகிறோம் என்ற அந்த வாலைச் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் முகம் சுளிக்காது. கிளம்பும் முன் பிள்ளைகள் இருவரும் ஐந்து நிமிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய படம் ஏற்கெனவே போய்விட்டது, சந்திப்பும் குறித்தாகிவிட்டது என்றால்? அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பாவது புதிய படத்தை அனுப்பி, "பயோடேட்டாவில் இருப்பது தங்கை கல்யாணத்தப்ப எடுத்ததுங்க, இப்ப தம்பி இப்படித்தான் இருப்பான்" என்று பையனின் அப்பாவே சொல்லிவிடலாம். அதைப் பார்த்து அவர்கள் வேண்டாம் என்றால், ஒரு போன் காலோடு விஷயம் முடிந்தது. வருகிறோம் என்றால், அவர்கள் வருவது இப்போது இருக்கும் ஆளைப் பார்க்க.